புது சூப்பர்வைசர் முதல் நாள் என்ன பேசுவது?

வணக்கம். பிளாஸ்டிக் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் தொழிற்சாலையில் நாலு வருடம் குவாலிட்டியில் இருந்தேன். வரும் திங்கள் முதல் இரண்டாம் ஷிப்டுக்கு என்னை சூப்பர்வைசராகப் போட்டிருக்கிறார்கள். 14 பேர், பாதிப் பேர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். அதில் ஒரு சீனியர் ஆபரேட்டர் இந்தப் பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தார். முதல் நாள் பேச ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். வாசித்தால் எனக்கே மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது? பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அந்த ஒரு பக்கத்தில் நான் வைத்துக்கொள்ளச் சொல்வது உங்கள் பெயரை மட்டும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் குறை இல்லை, அதைக் கேட்கப் போகிறவர்களின் நிலைமை அப்படி. ஷிப்ட் மாறும் அந்த நேரத்தில் முந்தைய ஷிப்ட்காரர் மெஷின் பக்கத்தில் ஒரு காலும் வாசல் பக்கம் ஒரு காலுமாக நிற்பார். உங்கள் ஆள் காதில் அடைப்பான் போட்டபடி, இன்றைக்கு எந்த மோல்டு ஓடுகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மோல்டிங்கில் மெஷினை நிறுத்திவிட்டுக் கூட்டம் போடவும் முடியாது. பேரலில் இருக்கும் பிளாஸ்டிக் சூட்டில் நின்றுபோனால் கருகத் தொடங்கும், திரும்ப ஓட்டும்போது முதல் சில ஷாட் கழிவில்தான் போகும், முதல் நாளே அந்தக் கணக்கு உங்கள் பெயரில் ஏறும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். அதற்கு மேல் எடுத்தால் முன்வரிசை மட்டும் கேட்கும், பின்வரிசை மெஷினைப் பார்க்கும்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்ட முடியாவிட்டால் இரண்டு குழுவாகப் பேசுங்கள், ஆனால் இரண்டு தடவையும் அதே வாக்கியங்களைச் சொல்லுங்கள். டீ இடைவேளையில் "உன்கிட்ட என்ன சொன்னார், என்கிட்ட என்ன சொன்னார்" என்று கண்டிப்பாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் கூட வந்து அறிமுகம் செய்கிறேன் என்றால் வரட்டும், "இவர்தான் இனி உங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். அவர் நின்றுகொண்டிருந்தால் நீங்கள் பேசும்போது எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

சரி, அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்வது? நான் பின்பற்றுகிற அளவுகோல் ஒன்றுதான்: அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் அவர்களால் சோதித்துப் பார்க்க முடிகிற வாக்கியமாக இருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் வெட்டிவிடலாம். "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்பதை யார் எப்படிச் சோதிப்பது? அதுவும் அந்த 14 பேரில் சிலர் நிரந்தரம், சிலர் கான்ட்ராக்ட் என்றால், பக்கத்து மெஷின்காரரைவிடக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். "ஓவர்டைம் பிரச்சினையைத் தீர்த்துவைக்கிறேன்", "ஃபேன் போட்டுத் தருகிறேன்" எல்லாம் உங்கள் கையில் இல்லாத விஷயம். முன்பு இருந்த சூப்பர்வைசர் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தையும் வேண்டாம், அவர் ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

புது சூப்பர்வைசர் வந்ததும் தொழிலாளிகள் மனதில் ஓடும் கேள்விகள் குறைவு. என் மெஷினை மாற்றுவாரா, இவருக்கு வேலை தெரியுமா, எதற்குக் கோபப்படுவார், பிரச்சினை என்றால் எங்கே இருப்பார், அவ்வளவுதான். இதற்குப் பதில் சொன்னால் போதும். உங்கள் நிலைமைக்கு நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வணக்கம். என் பேர் இன்னது. இன்னிலேருந்து இந்த ஷிப்டுக்கு நான் சூப்பர்வைசர். நாலு வருஷம் குவாலிட்டில இருந்தேன், பீஸ் எப்படி வரணும்னு தெரியும். மோல்டு மாத்துறதும் செட்டிங்கும் உங்க அளவுக்குத் தெரியாது, அதை உங்ககிட்ட கேட்டுப்பேன். யாருக்கு எந்த மெஷின், பிரேக் எப்போ, இது எதையும் இந்த மாசம் முடியிற வரைக்கும் நான் மாத்த மாட்டேன். ஒண்ணுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கேட்டைத் திறந்தா மெஷின் நிக்கணும். கேட் சுவிட்சைக் கட்டி ஓட்டினா மெஷினை நிறுத்திடுவேன், அதனால ஷாட் குறைஞ்சா மேல பதில் சொல்றது நான். மெஷின் நின்னா முதல்ல என்கிட்ட சொல்லுங்க, நான் ஃப்ளோர்லதான் இருப்பேன். இப்போ ஒவ்வொரு மெஷினுக்கா வர்றேன்."

அவ்வளவுதான். எழுதிப் படிக்காமல் இதே பேச்சுவழக்கில் சொல்லுங்கள். இதில் "தெரியாது" என்று ஒத்துக்கொள்வது உங்களுக்கு உறுத்தலாம். குவாலிட்டியிலிருந்து வந்தவருக்கு மோல்டு மாற்றத் தெரியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், நீங்கள் சொல்லாவிட்டால் முதல் மோல்டு மாற்றத்தின்போது ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய வாக்கியம் முக்கியம். தெரிந்ததைச் சொல்லாமல் தெரியாததை மட்டும் சொன்னால் அது பணிவு மாதிரி இருக்காது, வெறும் தயக்கமாகத் தெரியும்.

"மாத்த மாட்டேன்" என்பதற்கு மாதக் கடைசி என்று கெடு வைத்ததும் காரணத்தோடுதான். எதையும் எப்போதும் மாற்ற மாட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினால் இன்னும் சிக்கல். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பேசுவதற்கு முன்னால் மேனேஜரிடம் கேட்டு, அந்த மாதத்தில் ஆள் மாற்றம் எதுவும் அவர் மனதில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் "பார்க்கலாம்" என்றால் அந்த வாக்கியத்தை "இந்த வாரம்" என்று சுருக்குங்கள்.

இனி கேட் விஷயம். உங்கள் கடிதத்தில் அது இல்லை, நானாகச் சேர்த்தேன், ஏன் என்று சொல்கிறேன். பாதுகாப்பு பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எல்லா சூப்பர்வைசருக்கும் தெரியும், "சேஃப்டி முக்கியம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். யாரும் அதை மறுக்கப் போவதில்லை, யாரும் காதில் போட்டுக்கொள்ளவும் போவதில்லை. ஒரே ஒரு ஆபத்தை எடுத்துப் பெயர் சொல்லிப் பேசினால்தான் இவருக்கு விஷயம் தெரியும் என்று படும். செமி ஆட்டோவில் ஓடும் மோல்டிங் மெஷினில் ஆபரேட்டர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேட்டைத் திறந்து, பீஸை எடுத்து, கேட்டை மூட வேண்டும். கேட் முழுதாக மூடியதை அங்கிருக்கும் சுவிட்ச் உணர்ந்த பிறகுதான் மோல்டு மூடும். அந்தச் சுவிட்சைக் கம்பியாலோ டேப்பாலோ கட்டிவிட்டால் கேட் சரியாக மூடாமலே மெஷின் ஓடும், ஷாட்டுக்கு ஒன்றிரண்டு வினாடி மிச்சம். கை உள்ளே இருக்கும்போது மோல்டு மூடினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதை ஏன் கட்டுகிறார்கள் என்பதைக் கணக்காகப் பாருங்கள். ஒரு ஷாட்டுக்கு 40 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்தில், இடைவேளையைக் கழிக்காமல், 720 ஷாட். 2 வினாடி மிச்சம் பிடித்து 38 ஆக்கினால் 757. அந்த 37 ஷாட் வித்தியாசத்தில்தான் சிலர் டார்கெட்டைத் தொடுகிறார்கள், டார்கெட் போட்டவருக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே "கட்டாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு இரவு ரிப்போர்ட்டில் "ஏன் 37 குறைந்தது" என்று கேட்டால், நீங்கள் மாலையில் சொன்னதற்கு அர்த்தம் என்ன என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். "பதில் சொல்றது நான்" என்ற வாக்கியம் அதற்காகத்தான். அதைச் சொல்லத் தைரியம் இல்லை என்றால் கேட் பற்றிய வாக்கியத்தையும் முதல் நாள் சொல்லாதீர்கள், முதலில் மேனேஜரிடம் போய் அந்த 37 பற்றிப் பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள்.

பேசி முடித்ததும் உடனே சுற்றி வர வேண்டும், அரை மணி கழித்து அல்ல. உண்மையில் அறிமுகம் நடப்பது அப்போதுதான். ஒவ்வொரு மெஷினிலும் பெயர் கேளுங்கள், கேட்டைத் திறந்து வைத்து, உள்ளே யார் கையும் இல்லை என்று பார்த்து, மோல்டை மூடும் பட்டனை ஆபரேட்டரையே அழுத்தச் சொல்லுங்கள். அசையக் கூடாது. சீக்கிரம் முடிகிற வேலை, பேச்சு சரியாகப் புரியாதவர்களுக்கும் இது புரிந்துவிடும். ஆட்டோவில் ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை இதற்காக நிறுத்த வேண்டாம், அடுத்து நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மெஷினில் மோல்டு அசைந்துவிட்டது என்று வையுங்கள். எட்டு கண்கள் உங்கள் மேல் இருக்கும். யார் கட்டியது என்று கேட்காதீர்கள், மெஷினை நிறுத்துங்கள், மெயின்டனன்ஸுக்குச் சொல்லுங்கள், லாக் புக்கில் நிறுத்திய நேரத்தையும் காரணத்தையும் உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். பல சமயம் தெரியவரும் கதை இதுதான்: சுவிட்சே பழுது, புகார் எழுதிப் பல நாளாகியும் யாரும் வரவில்லை, மெஷின் அடிக்கடி நின்றதால் யாரோ கட்டிவிட்டார்கள். ஆளைத் திட்டியிருந்தால் இந்தக் கதை உங்கள் காதுக்கு வந்தே இருக்காது. சுவிட்ச் மாற்றும் வரை அந்த மெஷின் நிற்கட்டும், ஆபரேட்டருக்கு வேறு வேலை கொடுங்கள்.

அந்த சீனியர் ஆபரேட்டரைப் பற்றி. எல்லோர் முன்னாலும் "அண்ணனோட அனுபவம் நமக்குப் பெரிய பலம்" என்று புகழாதீர்கள், விலைக்கு வாங்கப் பார்க்கிறார் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள், அவரும் நினைப்பார். பேசுவதற்கு முன்பே தனியாக அவரிடம் போய், "அண்ணே, இன்னிக்கு எந்த மெஷின் மக்கர் பண்ணும்?" என்று கேளுங்கள். பதவியைப் பற்றிய பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம், அவர் எடுத்தால் "உங்களுக்கு வருத்தம் இருக்கும்ணே, தெரியும்" என்பதோடு நிறுத்துங்கள். அவருக்கு வரவில்லையே என்பதற்கு விளக்கம் சொல்வது உங்கள் வேலை இல்லை. அவர் ஒரு மெஷின் நம்பர் சொன்னார் என்றால் முதலில் அந்த மெஷினுக்குப் போங்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். எதுவும் சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை, நாளைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

கடைசியாக, கூட்டத்தில் யாராவது உடனே கேள்வி கேட்டால்? பெரும்பாலும் ஓவர்டைம், லீவு, இல்லாவிட்டால் ஞாயிறு ஷிப்ட் பற்றித்தான் கேட்பார்கள். பதில் தெரிந்தால் ஒரு வரியில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் பாக்கெட் நோட்டை எடுத்து அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டு, "நாளைக்கு டீ பிரேக்குக்குள்ள சொல்றேன்" என்று நேரத்தோடு சொல்லுங்கள். மறுநாள் மேனேஜர் முடியாது என்று சொல்லியிருந்தாலும் சொன்ன நேரத்தில் போய் "முடியாதுன்னுட்டாங்க, காரணம் இது" என்று சொல்லிவிடுங்கள், அவராக வந்து ஞாபகப்படுத்தும்படி விட்டுவிடாதீர்கள்.