சுருக்கத்தில் ஒரு எண், அட்டவணையில் வேறு எண்: எப்படிப் பிடிப்பது?

கேள்வி: எங்கள் தொண்டு நிறுவனத்தில் 200 பக்கத்துக்கு மேல் போகும் ஒரு அறிக்கை தயாராகிறது. நிர்வாகச் சுருக்கத்தை ஒருவர் எழுதினார், அட்டவணைகளை வேறு இருவர் போட்டார்கள். அச்சுக்குப் போகுமுன் சுருக்கத்தில் உள்ள எண்கள் பின்னால் இருக்கும் அட்டவணைகளோடு ஒத்துப்போகின்றனவா என்று முறையாகப் பார்ப்பது எப்படி? கண்ணால் ஓட்டிப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. கண் ஓட்டத்தில் அகப்படுவது எழுத்துப்பிழை மட்டும்தான். சுருக்கத்தில் வரும் தவறான எண் பெரும்பாலும் எங்கோ ஓரிடத்தில் சரியாக இருந்த எண். அதனால் பார்த்தால் உறுத்தாது. அது எங்கிருந்து வந்தது என்று தேடினால்தான் தவறு தெரியும்.

முதலில் அட்டவணைகளை யாரும் தொடாதபடி நிறுத்தி, அந்தக் கோப்புக்குத் தேதி போட்டுத் தனியாக வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கோப்பைச் சரிபார்ப்பது வீண் வேலை. அடுத்து, சுருக்கத்தை அச்செடுத்து ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் கோடிடுங்கள். ‘பாதி’, ‘மூன்றில் ஒரு பங்கு’, ‘இரு மடங்கு’, ‘முதலிடம்’ போன்ற சொற்களுக்கும் கோடு வேண்டும். அவையும் எண்கள்தான். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் எக்செல் தாளில் ஒரு வரி: வரிசை எண், சுருக்கத்தின் வாக்கியம் அப்படியே, அட்டவணை எண், பக்கம், சுருக்கத்தில் உள்ள எண், எதை வகுத்தது, எதனால் வகுத்தது, எத்தனை தசம இடம்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். வாக்கியங்கள் கற்பனை. ஒப்பிடப் போகும் எண்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் உண்மையான எண்கள்.

“2011இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,38,958. இவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 71.85 சதவீதம். 2001ஐ விட நகர மக்களின் பங்கு 4.36 சதவீதம் உயர்ந்திருக்கிறது. மாநில மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்று நகரவாசிகள்.”

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நான்கு வாக்கியத்திலும் கோளாறு.

முதல் எண் 2011 மார்ச்சில் வெளியான தற்காலிக எண். இறுதி எண் 7,21,47,030. அறிக்கையின் அட்டவணையில் இறுதி எண் இருக்கிறது. சுருக்கம் எழுதியவர் பழைய வரைவிலிருந்து எடுத்திருக்கிறார். வேறுபாடு 8,072 மட்டுமே. முன் இலக்கங்கள் ஒத்து, கடைசி சில இலக்கங்கள் மட்டும் மாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பதிப்பை. அப்படி ஒன்று கிடைத்தால் அதோடு நிற்காதீர்கள். அதே பழைய தாளிலிருந்து வேறு எண்களும் வந்திருக்கும். தற்காலிக எழுத்தறிவு விகிதம் 80.33, இறுதியில் 80.09. இப்படி ஒரே மூலத்திலிருந்து வந்தவை கூட்டமாகவே தவறும்.

இரண்டாவது வாக்கியம் சுவாரசியமானது, ஏனெனில் 71.85 என்பது கணக்குப் பிழையே இல்லை. எழுத்தறிவு பெற்றவர்கள் 5,18,37,507 பேர். அதை மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் 71.85 வருகிறது. ஆனால் கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே கணக்கிடப்படுகிறது. 0–6 வயதுக் குழந்தைகள் 74,23,832 பேரைக் கழித்தால் மீதி 6,47,23,198. அதனால் வகுத்தால் 80.09. இரண்டு விகிதங்களும் ஒரே அறிக்கையில் இருந்தால் படிப்பவர் எதை நம்புவார்? இந்த வகைத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. சுருக்கத்தின் எண்ணை அட்டவணையில் உள்ள எண்ணால் வகுத்துப் பாருங்கள். 71.85ஐ 80.09ஆல் வகுத்தால் 0.897. மொத்த மக்களில் 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் பங்கும் அதேதான். வகுத்து வந்த விடை அறிக்கையில் எங்காவது ஒரு பங்காகத் தென்பட்டால், எதனால் வகுப்பது என்பதில்தான் குழப்பம் நடந்திருக்கிறது. அதனால்தான் எதனால் வகுத்தது என்பதற்குத் தாளில் தனிக் கட்டம் கேட்டேன். பெரும்பாலானோர் விட்டுவிடும் கட்டம் அதுதான்.

மூன்றாவது வாக்கியத்தில் எண் சரி, அலகு தவறு. நகர மக்களின் பங்கு 2001இல் 44.04, 2011இல் 48.40. உயர்ந்தது 4.36 சதவீதப் புள்ளிகள். சதவீதமாகச் சொன்னால் அந்தப் பங்கு 9.9 சதவீதம் உயர்ந்திருக்கிறது. நகர மக்களின் எண்ணிக்கையைக் கேட்டால் அது 2,74,83,998இலிருந்து 3,49,17,440 ஆனது, அதாவது 27.05 சதவீத வளர்ச்சி. மூன்றும் உண்மை, மூன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில். ‘உயர்வு’, ‘குறைவு’ என்று வரும் இடமெல்லாம் எதிலிருந்து எதற்கு என்ற இரண்டு எண்களையும் தாளில் எழுதுங்கள்.

நான்காவது வாக்கியத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 48.40 என்பது பாதிக்கும் குறைவு. ‘பாதி’க்கு அடியில் கோடு போடாமல் விட்டிருந்தால் இது தப்பியிருக்கும்.

சதவீத வரிகளுக்கு எக்செலில் இந்தச் சூத்திரம் போதும். E சுருக்கத்தின் எண், F வகுபடும் எண், G வகுக்கும் எண், H சுருக்கத்தில் காட்டிய தசம இடங்கள்:

```
=IF(ROUND(F2/G2*100,H2)=ROUND(E2,H2),"சரி","பார்")
```

H இல்லாவிட்டால், 80.09ஐ ‘80 சதவீதம்’ என்று எழுதியதெல்லாம் பிழையாகத் தெரியும். இன்னொன்று: F, G இரண்டிலும் முழு எண்களையே இடுங்கள். 80.46ஐ ஒருவர் 80.5 ஆக்கி, அதைப் பார்த்து இன்னொருவர் 81 என்று எழுதுவது அடிக்கடி நடக்கிறது. சரியான விடை 80.

தாளை நிரப்பும்போது ஒருவர் சுருக்கத்தின் வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கட்டும், இன்னொருவர் அட்டவணையிலிருந்து எண்ணைச் சொல்லட்டும். சுருக்கம் எழுதியவர் படிக்கலாம், ஆனால் அட்டவணைப் பக்கம் அவர் உட்காரக் கூடாது. தான் எழுத நினைத்ததையே அவர் கண் பார்க்கும்.

எண் ஒத்துப்போகவில்லை என்றதும் சுருக்கத்தைத் திருத்த ஓடாதீர்கள். தவறு அட்டவணையிலும் இருக்கலாம். முதலில் அட்டவணையின் கூட்டலைப் பாருங்கள்: ஊரகம் 3,72,29,590, நகரம் 3,49,17,440, கூட்டினால் 7,21,47,030. கூட்டல் சரியென்றால் மூலத் தரவுக்குப் போங்கள். வேறுபாடு 9ஆல் மீதியின்றி வகுபட்டால் தட்டச்சில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5,183க்குப் பதில் 5,813 விழுந்தால் வேறுபாடு 630, அதாவது 9 × 70. கணக்கர்களின் பழைய உத்தி இது. தடயம் மட்டுமே, நிரூபணம் அல்ல. ஒரு எண் மற்றதைப் போல் சரியாக 10 மடங்கோ 100 மடங்கோ என்றால் லட்சம், கோடி, மில்லியன் மாற்றத்தில் பார்க்க வேண்டும். 7.21 கோடி என்பது 72.1 மில்லியன், 721 மில்லியன் அல்ல.

திருத்திய பிறகு பழைய எண்ணைக் கோப்பு முழுவதும் தேடுங்கள். 7,21,38,958 என்று மட்டும் தேடினால் 72,138,958 என்ற வடிவம் தப்பும். இரண்டையும், காற்புள்ளி இல்லாத வடிவத்தையும் தேட வேண்டும். படமாக ஒட்டிய வரைபடங்களில் தேடல் வேலை செய்யாது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். முன்னுரை, பின்னட்டை, பத்திரிகைக் குறிப்பு ஆகிய மூன்றும் சுருக்கத்திலிருந்து நகலெடுத்தவையாகவே இருக்கும். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அறிக்கை வருமானால் தாளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

நிறுத்திவைத்த பிறகும் யாராவது ஒரு அட்டவணையை மாற்றினால், தாளை அட்டவணை எண்ணால் வடிகட்டி அந்த வரிகளை மட்டும் மறுபடி பார்த்தால் போதும். அட்டவணைகளின் வரிசை எண்களே மாறியிருந்தால், வேர்டில் Ctrl+A, பிறகு F9 அழுத்திக் குறுக்குக் குறிப்புகளைப் புதுப்பித்துவிட்டு, பிடிஎஃப் ஆக்கிய கோப்பில் `Error! Reference source not found` என்று ஒரு முறை தேடுங்கள்.