ஏழு பேர், ஒரே ஊர்

வணக்கம் ஐயா,

எங்கள் புதூர் கபடி அணி அடுத்த மாதம் சென்னைக்கு விளையாட வருகிறது. அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் பட்டறைகளிலும் கடைகளிலும் வேலை செய்கிற ஊர்க்காரர்கள் நாற்பது பேராவது மைதானத்துக்குப் போவோம். போன முறை நானே எட்டு வரியில் ஒரு பாட்டு எழுதி, நகலெடுத்துக் கொடுத்தேன். குலசாமி பெயர், ஆட்டக்காரர்கள் ஏழு பேரின் பெயர், ஊர்ப் பெருமை எல்லாம் அதில் இருந்தன. முதல் வரியை எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவது வரியில் பாதிப் பேர். அப்புறம் நான் மட்டும்தான். நடுவர் வேறு எங்களைப் பார்த்து வாயை மூடச் சொல்லிக் கை காட்டினார். எங்களுக்கு ஒரு நல்ல கோஷம் எழுதித் தர முடியுமா?

ஒரு வாசகர், அம்பத்தூர்

அன்புள்ள தம்பிக்கு,

நடுவரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் கை காட்டியது கோபத்தில் அல்ல. ரெய்டு போகிறவர் எதிரணியின் எல்லைக்குள் இருக்கும்வரை ‘கபடி கபடி’ என்று விடாமல், பிறருக்குக் கேட்கும்படி பாட வேண்டும். பாட்டு அறுந்தால் எதிரணிக்குப் புள்ளி போகும். அறுந்ததா இல்லையா என்பதை நடுவர் காதால் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அவரைக் கொஞ்சம் கவனியுங்கள். ரெய்டர் நகர நகர அவரும் பக்கக் கோட்டை ஒட்டி நகர்வார், ஒரு காதை ஆடுகளத்தின் பக்கம் கொடுத்தபடி. அவர் முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் குலசாமியைக் கூப்பிட்டால் அவர் என்ன செய்வார்?

ஆகவே முதல் விதி: கோஷத்தில் ‘கபடி’ என்ற சொல்லே வேண்டாம். அந்தச் சொல் ரெய்டருக்கு உரியது. நீங்களும் அதையே கத்தினால் உங்கள் ஆளின் குரல் உங்கள் குரலுக்குள்ளேயே முங்கிப்போகும். இரண்டாவது விதி: ரெய்டு நடக்கும்போது முழுக்குரல் கூடாது. ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அது முடிந்து அடுத்தவர் கிளம்புவதற்கு நடுவில் சில விநாடிகள்தான் கிடைக்கும். தொண்டை கிழியக் கத்துவதற்கு உங்களுக்கு உள்ள இடம் அந்தச் சில விநாடிகள்தான். உங்கள் எட்டு வரி அதற்குள் எப்படி அடங்கும்? இரண்டாவது வரியிலேயே அடுத்த ரெய்டு தொடங்கியிருக்கும், எல்லோருடைய கண்ணும் ஆட்டத்துக்குப் போயிருக்கும். ஊர்க்காரர்களைக் குறை சொல்லாதீர்கள். எழுதுகிறவனுக்கு வரி கூடக் கூட மகிழ்ச்சி, கத்துகிறவனுக்கு மூச்சு போகிறது.

அடுத்தது ஓசை. திறந்த வெளியில் குறில் எழுத்துகள் கரைந்துபோகும். ‘வெற்றி வெற்றி’ என்று நாற்பது பேர் கத்தினால், எதிர்ப் பக்கத்தில் நிற்பவருக்கு அது வெறும் இரைச்சல்தான். ஆ, ஊ, ஏ, ஓ போன்ற நெடில்கள்தான் தூரம் போகும். உங்கள் ஊர்ப் பெயரில் நல்ல வேளையாக ஒரு ‘தூ’ இருக்கிறது. கடைசியில் வருகிற ‘ர்’ மட்டும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அதை ‘புதூரே’ என்று விளியாக்கிவிட்டால் இரண்டு நெடில்கள் கிடைத்துவிடுகின்றன. (குளம், புரம் என்று முடியும் ஊர்க்காரர்கள் குளமே, புரமே என்று நீட்டிக்கொள்ளலாம். பட்டிக்காரர்கள் ஒரு ‘யே’ சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.)

இனி கோஷம். ரெய்டுகளுக்கு நடுவில் சொல்ல வேண்டியது இது:

ஒருவர்: ஏழு பேர்!
எல்லோரும்: ஒரே ஊர்!
ஒருவர்: எந்த ஊர்?
எல்லோரும்: புதூரே! (தட்டு) புதூரே! (தட்டு)

அவ்வளவுதான். மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டே சொற்றொடர்கள். மற்றதெல்லாம் கூப்பிடுகிறவரின் பொறுப்பு. ‘தட்டு’ என்று போட்டிருக்கும் இடத்தில் எல்லோரும் ஒருமுறை கைதட்ட வேண்டும். அந்த ஒரு தட்டு இடைவெளியில்தான் நாற்பது பேரும் மூச்சு வாங்குவார்கள். மூச்சுக்கு இடம் விடாத கோஷம் மூன்றாவது சுற்றில் குலைந்துவிடும்.

முதல் வரியில் இருக்கும் எண்ணைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அது மாறும். களத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் நிற்கிறார்களோ அந்த எண்ணைத்தான் கூப்பிடுகிறவர் சொல்ல வேண்டும். இருவர் அவுட் ஆனால் ‘ஐந்து பேர்’. நம் ரெய்டர் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால், வெளியே உட்கார்ந்திருப்பவர் ஒருவர் உள்ளே வருவார், உடனே ‘ஆறு பேர்’. ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று எல்லாமே தேமா. எண் மாறினாலும் தாளம் இடறாது. ‘இரண்டு’ மட்டும் புளிமா, முன்னால் ஒரு குறில் கூடுதலாக வரும். அதைச் சற்று விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம்.

எண்ணைச் சொல்வதில் ஆட்டத்துக்கும் பயன் உண்டு. களத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போதுதான் எதிரணி ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்க முடியும். ‘ஆறு பேர்’ என்ற கூச்சல் காதில் விழுந்தால், மூலையில் நிற்பவர் போனஸ் கோட்டைக் காக்க வேண்டும் என்று உஷாராவார். ஐந்தாகிவிட்டால் அந்தக் கவலை இல்லை. மூன்று அல்லது அதற்கும் குறைவானவர்கள் இருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் சூப்பர் டேக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. இந்த விதி உங்கள் போட்டியில் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உண்டென்றால், அப்போது கோஷம் இப்படி மாறும்:

ஒருவர்: மூன்று பேர்!
எல்லோரும்: போதுமே!
ஒருவர்: எந்த ஊர்?
எல்லோரும்: புதூரே! (தட்டு) புதூரே! (தட்டு)

ஆட்கள் குறையும்போதுதான் பார்வையாளர்களின் குரலும் வழக்கமாகத் தொய்யும். இங்கே அதே இடத்தில் கோஷம் ஏறுகிறது.

எதிரணி ரெய்டர் நம் பக்கம் வந்துவிட்டார் என்று வையுங்கள். ‘பிடி! பிடி!’ என்பதுதான் வாயில் தானாக வரும். அது வேண்டாம். ரெய்டர் இன்னும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்போதே பாய்ந்து, தொடு கொடுத்துவிட்டு நிற்பது இளம் ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற பிழை. நாற்பது பேர் ‘பிடி’ என்றால் பாயத்தான் தோன்றும். அதற்குப் பதிலாகத் தணிந்த குரலில், நடுவரின் காதை மறைக்காத அளவில்:

இரு… (தட்டு) இரு… (தட்டு)

இரண்டு விநாடிக்கு ஓர் ‘இரு’ என்று வைத்துக்கொண்டால், 30 விநாடியில் பதினைந்து ‘இரு’ வரும். பன்னிரண்டாவது தாண்டியதும் தட்டலை மட்டும் பலமாக்குங்கள். ரெய்டருக்கு இன்னும் ஆறு விநாடிதான் இருக்கிறது, இனி அவர் அவசரப்படுவார் என்று உள்ளே நிற்கும் நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். ஊர்ப் போட்டிகளில் கடிகாரம் மேசைக்காரரிடம் இருக்கும், எல்லோர் கண்ணிலும் படாது. உங்கள் கைத்தட்டலே கடிகாரமாகிவிடும். ஆனால் இதற்குப் பயிற்சி வேண்டும். பதற்றத்தில் எல்லோருக்கும் வேகம் கூடிவிடும், இருபது விநாடியிலேயே பதினைந்து ‘இரு’ முடிந்துபோகும். கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து, மொட்டை மாடியில் நாலைந்து முறை தட்டிப் பாருங்கள்.

ரெய்டரின் கால் சிக்கிவிட்டது, அவர் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டுகிறார். இரண்டாவது விதிக்கு இந்த ஒரு கணம் மட்டும் விலக்கு, அடக்கிவைத்த குரலையெல்லாம் விடலாம்:

விடாதே! விடாதே! விடாதே!

நம் ஆள் ரெய்டு போகும்போது சொல்லே வேண்டாம், மெல்லிய கைத்தட்டல் போதும். ‘பின்னாலே பார்’, ‘இடப்பக்கம்’ என்றெல்லாம் யாரும் யோசனை சொல்லக் கூடாது. ரெய்டரை அவருடைய அணிக்காரர் எச்சரித்தால் எதிரணிக்குப் புள்ளி கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. நீங்கள் அணியில் இல்லைதான். ஆனால் மாற்று ஆட்டக்காரர்கள் உங்களோடு கலந்து நின்றால், கத்தியது யார் என்ற தகராறு வரும். நம் ஆள் தொட்டுவிட்டுத் திரும்பியதும், நடுவரின் கை நம் பக்கம் உயர்ந்த பிறகு, ஒரே ஒரு முறை:

தொட்டானே! (தட்டு) வந்தானே! (தட்டு)

கை உயர்வதற்கு முன் கத்திவிட்டு, அவர் எதிரணிக்குப் புள்ளி கொடுத்தால் அசடு வழிய வேண்டியிருக்கும்.

ஓர் ஆட்டத் துண்டை நடத்திப் பார்ப்போம். நாம் ஐந்து பேர். எதிரணி ரெய்டர் வருகிறார், ‘இரு… இரு…’ ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் இருவரைத் தொட்டுத் தப்பிவிடுகிறார். இடைவெளியில் ‘மூன்று பேர்! போதுமே!’ நம் ஆள் போய் வெறுங்கையோடு திரும்புகிறார், எண் மாறவில்லை. மறுபடி ‘மூன்று பேர்! போதுமே!’ அடுத்து அவர்களுடைய ரெய்டர். பதின்மூன்றாவது தட்டில் அவர் அவசரப்பட்டு உள்ளே நுழைய, மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடிக்கிறார். ‘விடாதே!’ பிடித்தாயிற்று. நமக்கு இரண்டு புள்ளி, ஆனால் உள்ளே வருபவர் ஒருவர்தான். கூடுதல் புள்ளிக்கு ஆள் திரும்புவதில்லை. ஆகவே அடுத்த கூப்பாடு ‘நான்கு பேர்! ஒரே ஊர்!’ ஐந்து என்று சொல்லிவிடக் கூடாது.

இதனால்தான் கூப்பிடுகிற வேலையைக் குரல் பெரிதாக உள்ளவரிடம் கொடுக்காதீர்கள் என்கிறேன். புள்ளிக் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் நடுக்கோட்டின் நேரே, உங்கள் கூட்டத்தின் முன்வரிசையில் நிற்கட்டும். எண்ணை வாயால் சொல்லும்போதே விரலாலும் காட்டட்டும். பின்வரிசைக்குக் குரல் எட்டாவிட்டாலும் விரல் தெரியும். பறை இருந்தால் கொண்டுவாருங்கள், ஆனால் இடைவெளியில் மட்டும்தான் அடி.

குலசாமி பெயரை ஆட்டம் தொடங்கும் முன் ஒருமுறை உரக்கச் சொல்லிவிடுங்கள். ஆட்டக்காரர் பெயர்களை அவர்கள் களம் இறங்கும்போது சொல்லலாம். எதிரணி ஊரின் பெயரை மட்டும் கேலியாகக்கூட எடுக்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்களும் இதே அம்பத்தூரில், ஒருவேளை உங்கள் பட்டறையிலேயே, வேலை செய்கிறவர்களாக இருப்பார்கள்.

ஆட்டம் எந்த மைதானத்தில், என்றைக்கு என்று எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நானும் வருகிறேன், பின்வரிசையில் கைதட்ட.

அன்புடன்.