கிணற்றடியில் நின்ற அம்மா

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 29 வயது. யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலியில் இருக்கிறேன். கனடாவில் இருந்த ஒருவரோடு கலியாணப் பேச்சு முற்றாகி, நான்கு வருடம் போனில் கதைத்துக்கொண்டிருந்தோம். கடைசி ஐந்து மாதம் அவருடைய பதில்கள் மெல்ல மெல்லக் குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றுவிட்டன. அவர் வேறொருவரை முடித்துவிட்டார் என்பது ஊரார் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அது நடந்து இரண்டு வருடம்.

இப்போது எட்டு மாதமாக ஒருவரோடு பழகுகிறேன். கிளிநொச்சியில் வேலை, அமைதியான சுபாவம். அவர் பதில் போடப் பிந்தினால் எனக்குக் கை கால் குளிர்ந்துவிடும். வாட்ஸப்பில் லாஸ்ட் சீனைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். போன மாதம் அவர் பயிற்சிக்காகக் கொழும்பு போயிருந்தபோது மூன்று மணித்தியாலத்தில் 16 தடவை அழைத்திருக்கிறேன். அவர் கோபப்படவில்லை, சோர்ந்துபோனார். வீட்டில் என்னைப் பற்றி அவர் இன்னும் சொல்லவில்லை. தன் அக்காவின் கலியாணம் முடியட்டும் என்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் பழைய காயத்தில்தான் கேட்கிறேனோ என்று நினைத்துக் கேட்பதையே விட்டுவிட்டேன். எது அவதானம், எது என் புண் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மரம் நின்றது. ஹெலிச் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதன் கீழே போய் நின்றுவிடுவார். 90களில் பிடித்த பழக்கம். 2009இல் சண்டை முடிந்த பிறகும் ஓடினார். பிறகு ஹெலி வருவதும் ஒன்றும் நடக்காமல் போவதுமாக நாட்கள் போக, ஓட்டம் குறைந்தது. கீரை ஆய்ந்தபடியே அண்ணாந்து பார்ப்பார், திரும்பக் குனிந்துவிடுவார். பயம் போய்விட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

ஒருமுறை வவுனியாவில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். ஹெலி ஒன்று கொஞ்சம் தாழப் பறந்தது. அம்மா திருவலையை விட்டு எழுந்து ஓடினார். அங்கே மாமரம்கூட இல்லை. கிணற்றடியில் போய் நின்றுகொண்டு, எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மணியோசைக்கு எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் கதையில் பாதியைத்தான் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். சாப்பாடு கொடுக்காமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். ஆனால் கொஞ்சம் இடைவெளி விட்டு மணியை அடித்தால் மறுபடி ஊறும். பழைய பாடம் அழிந்துபோவதில்லை. அதன்மேல் புதுப்பாடம் ஒன்று படிகிறது, அவ்வளவுதான். அந்தப் புதுப்பாடம் படித்த இடத்தோடு ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. அம்மா பயமில்லாமல் இருக்கப் படித்தது சொந்த முற்றத்தில். வவுனியாவில் அந்தப் பாடம் கைகொடுக்கவில்லை.

நீங்கள் கொழும்பு நாளில் கிணற்றடியில் நின்றீர்கள். எட்டு மாதத்தில் உங்கள் உடம்பு படித்தது, கிளிநொச்சியில் இருக்கும் மனிதர் பிந்தினாலும் பதில் போடுவார் என்பதைத்தான். அவர் தூர ஊரில், தெரியாத ஆட்களுக்கு நடுவில் இருந்தபோது பழைய பாடம் எழும்பியது. ஆகவே அந்த 16 அழைப்புகளை வைத்து, எனக்கு ஒன்றுமே ஆறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். நாளைக்கு அவர் வேறெங்காவது போனாலும் இது இன்னொருமுறை வரலாம்.

இந்த மணி எதற்கு அடிக்கிறது என்று பாருங்கள். போன தடவை உங்களுக்கு வினை போன் வழியாக வந்தது, இப்போது போனைத்தான் காவல் காக்கிறீர்கள். முன்பு நடந்ததன் சாயல் எங்கே தெரிகிறதோ அங்கே இந்த மணி அடிக்கும். சாயல் இல்லாத இடத்தில் என்ன நடந்தாலும் சும்மா இருக்கும். உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது இதுதான். போனைப் பற்றிப் பல தடவை பயந்து, பல தடவை அது வீண் என்று கண்டு, இப்போது உங்களுடைய எல்லாக் கேள்விகளையுமே புண் என்று ஒதுக்கத் தொடங்கிவிட்டீர்கள். அந்த மூட்டைக்குள் வீட்டுக் கேள்வியும் சேர்ந்து போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பதில் பிந்தும்போது வருவது முதலில் உடம்பில் வருகிறது. கை குளிர்ந்த பிறகுதான் காரணம் தேடுகிறீர்கள். அவர் அழைத்து "சொல்லுங்கோ" என்றதும் முழுதாகப் போய்விடுகிறது. அடுத்த நாள் காலையில் நினைத்தால் வெட்கமாகக்கூட இருக்கும். வீட்டுக் கேள்வி அப்படியா? அது வரும்போது கை குளிர்வதில்லை. அவர் மிக அன்பாகக் கதைத்த நாளிலும் அது அங்கேயே இருக்கிறது. நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய காலையிலும் இருக்கிறது. அவரைப் பார்த்ததும் போய்விடுகிற பயத்தில் பெரும்பகுதி பழையது. அவர் பக்கத்தில் இருக்கும்போதும் போகாமல் நிற்கும் கேள்விக்கு அவரிடம் பதில் கேட்கவேண்டும்.

இதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நன்றாகக் கதைக்கத் தெரிந்த பொய்யனும் உங்கள் பயத்தை ஐந்து நிமிடத்தில் ஆற்றிவிடுவான். அதனால் மனம் சொல்வதோடு நிற்காமல் கொஞ்சம் எழுதியும் பாருங்கள். பழைய கொப்பி ஒன்று போதும். பயம் வந்த நேரம், கமரா வைத்திருந்தால் அதில் என்ன பதிந்திருக்குமோ அது மட்டும், கடைசியில் என்ன நடந்தது என்பது. "என்னைத் தவிர்க்கிறார்" என்று எழுதாதீர்கள், அது கமராவில் பதியாது. "2.10க்கு அனுப்பினேன், 5.20க்குப் பதில் வந்தது, வகுப்பில் இருந்தாராம்" என்று எழுதுங்கள். ஆறு வாரம் கழித்துப் படித்தால், எத்தனை தடவை பயந்தீர்கள், அதில் எத்தனை உண்மையாயிற்று என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். அவர் சொன்னவை ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் அதுவும் அங்கே தெரியும். புண் என்று சொல்லி மூடிவிடாமல் இருக்க அந்தக் கொப்பி உதவும்.

லாஸ்ட் சீன் பற்றி. அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் ஆறுதல் கிடைக்கிறது அல்லவா, அந்த ஒரு நிமிடம்தான் உங்களைத் திரும்பப் பார்க்க வைக்கிறது. பார்க்காமல் இருந்தால் பயம் ஏறிக்கொண்டே போகும் என்று தோன்றும். உண்மையில் அது ஏறி, ஓரிடத்தில் நின்று, தானாக இறங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏறும்போதே பார்த்துவிடுகிறீர்கள், அது இறங்கிக் கண்டதில்லை. முதலில் 20 நிமிடம் போனை அடுத்த அறையில் வையுங்கள். அது பழகியதும் ஒரு மணித்தியாலம். வெறுமனே குந்தியிருக்காமல் உடுப்புத் தோயுங்கள், சைக்கிளில் சந்தி வரை போய் வாருங்கள். இது அவர் நல்லவரா இல்லையா என்பதற்கான சோதனை இல்லை, உங்கள் உடம்புக்கான பயிற்சி. இரவிரவாக நித்திரை இல்லை, வேலைக்குப் போக ஏலாது என்ற நிலை வந்தால் மட்டும் கொப்பியோடு நிற்காமல் ஒரு உளவளத்துணையாளரைப் பாருங்கள்.

சோதனை என்றதும் என் பைத்தியக்காரத்தனம் ஒன்று ஞாபகம் வருகிறது. உங்கள் வயதில் நானும் ஒரு முறிவுக்குப் பிறகு ஒருவரோடு பழகினேன். நானாக அழைக்காமல் இருந்து, அவர் எப்போது அழைக்கிறார் என்று பார்த்தேன். நான்கு நாள். அவர், எனக்கு வேலை கூட, தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார். பரீட்சை நடக்கிறது என்றே தெரியாத மனிதருக்கு நான் பூச்சியம் போட்டு வைத்திருந்தேன். அந்த உறவு அதனால் முறியவில்லை, வேறு காரணத்தால் முறிந்தது. அது இன்னொரு நாளைக்கு. ஒளித்து வைக்கும் பரீட்சை வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

இனி வீட்டு விஷயம். எங்கள் ஊரில் அக்கா இருக்கத் தம்பி கலியாணம் பேசினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு வருகிற சம்பந்தம் தட்டுப்படும், சீதனக் காசு எங்கே போகும் என்ற கதை வரும். ஆகவே அவர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். அதே வசனம், சாதியோ சாதகமோ அம்மாவின் பிடிவாதமோ என்று வெளியே சொல்ல முடியாத இன்னொன்றை மூடி வைக்கும் துணியாகவும் இருக்கலாம். நானே இரண்டையும் கண்டிருக்கிறேன். வசனத்தை வைத்துப் பிரிக்க முடியாது, சுற்றி உள்ளவற்றை வைத்துப் பிரிக்கலாம்.

அக்காவுக்கு உண்மையில் பேச்சு நடக்கிறதா, தரகர் வந்து போகிறாரா? அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்காவது, அந்த அக்காவுக்காவது, உங்களைத் தெரியுமா? தம்பியின் விஷயத்தை முதலில் அறிகிறவர் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் அக்காதான். அவருடைய கூட்டாளிகள் யாரையாவது உங்களுக்கு அறிமுகம் செய்திருக்கிறாரா? அப்புறம், காலம் நகர்கிறதா என்று பாருங்கள். தையில் கேட்டபோது "சித்திரைக்குப் பிறகு" என்றவர், சித்திரையில் "ஆடி கழியட்டும்" என்று, ஆவணியில் மறுபடி தைக்குப் போனால், கலண்டரை வைத்து உங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறார் என்றுதான் எடுக்கவேண்டும். அக்காவின் கலியாணம் பிந்துவது அவர் கையில் இல்லை. அக்காவிடம் உங்கள் பெயரைச் சொல்வது அவர் கையில் இருக்கிறது.

கேட்கும்போது போனில் கேட்காதீர்கள், பயம் வந்த நாளிலும் கேட்காதீர்கள். உங்கள் இருவருக்கும் நல்ல நாளாகப் பார்த்து, நல்லூரில் ஏதாவது ஐஸ்கிரீம் கடையில் எதிரெதிராக இருந்து கேளுங்கள். முதலில் கொழும்பு நாளைப் பற்றி உள்ளபடி சொல்லுங்கள்: அது உங்களால் வந்ததில்லை, எனக்கு முன்பு நடந்ததால் வந்தது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. பிறகு, "இது வேறை. உங்கட அக்காவுக்கு என்னைப் பற்றி எப்ப சொல்லுவியள்?" என்று ஒரே ஒரு கேள்வி. அவர் தடுமாறினால் பரவாயில்லை, நேர்மையானவர்களும் தடுமாறுவார்கள். யோசித்துவிட்டு ஒரு நாளையோ உண்மையான தடையையோ சொல்கிறாரா என்று பாருங்கள். கேட்டதற்காகவே கோபப்பட்டாலோ, "உமக்குப் பழைய பிரச்சினை, அதுதான் இப்படி" என்று உங்கள் புண்ணை எடுத்து உங்களுக்கே காட்டினாலோ, வீடு வந்ததும் அந்த வசனத்தைக் கொப்பியில் அப்படியே எழுதி வையுங்கள்.

இன்னொன்று. அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது, "இல்லை, பரவாயில்லை, அக்காவின்ர அலுவல் முடியட்டும்" என்று நீங்களே அவருக்காக எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. ஐஸ்கிரீம் உருகினால் உருகட்டும், அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள்.