பெப்ரவரியில் விட்ட ஒரு பிழை

கேள்வி: கொழும்பில் இறக்குமதி ஆவணங்கள் பார்க்கும் ஒரு பிரிவுக்கு நான் பொறுப்பு. என்னிடம் வேலை செய்யும் ஒரு தங்கச்சிக்கு மார்ச் முடிவதற்குள் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை எழுதவேண்டும். நல்ல பிள்ளை. ஆனால் பெப்ரவரியில் சுங்கப் பிரகடனத்தில் நிறையைப் பிழையாகப் போட்டு, ஒரு கொள்கலனை எடுக்கப் பிந்தியதற்கு ஆறு நாள் டிமரேஜ் கட்டவேண்டி வந்தது. எழுத உட்கார்ந்தாலே அதுதான் ஞாபகம் வருகிறது. போன வருஷம் நான் எழுதியதை மனிதவளப் பிரிவு 'ஆதாரம் போதாது' என்று திருப்பி அனுப்பியது. நாங்கள் இருவரும் ஒரே ஊர் என்பதால், கூடப் புகழ்ந்தால் ஊர்ப்பற்று என்பார்களோ என்றும் பயம். எப்படி எழுதுவது? - வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: முதலில் அந்தப் படிவத்தை மூடி வையுங்கள். அதைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் பெப்ரவரிதான் வரும். கிட்டத்தில் நடந்ததும் மனதைச் சுட்டதும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். போன ஏப்ரலில் அவர் என்ன செய்தார் என்று இப்போது உங்களைக் கேட்டால் சொல்வீர்களா? நான் சொல்லமாட்டேன்.

ஒரு தாளில் ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதத்தையும் எழுதுங்கள். பிறகு கோப்புப் பதிவேட்டையும் உங்கள் மின்னஞ்சலையும் மாதம் மாதமாகப் பார்த்து நிரப்புங்கள். ஞாபகத்தில் இருப்பதைத் தேடிப் போகாதீர்கள், அவர் பார்த்த எல்லாக் கோப்புகளையும் எண்ணுங்கள். அரை நாள் வேலைதான்.

உதாரணத்துக்கு நானே சில எண்களை வைத்துச் சொல்கிறேன். வருஷத்தில் அவர் 240 கோப்பு பார்த்திருக்கிறார், அதில் 9 திருத்தத்துக்குத் திரும்பி வந்திருக்கின்றன என்று வைப்போம். ஒவ்வொன்றையும் திறந்து ஏன் வந்தது என்று பாருங்கள். ஐந்தில் வாடிக்கையாளர் பிந்தி விலைப்பட்டியலை மாற்றியிருக்கிறார். அது தங்கச்சியின் கணக்கில் சேராது. மிச்சம் நான்கு. அதில் ஒன்று கொள்கலன் இலக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை. மற்ற மூன்றும் ஒரே மாதிரி: பொதிப் பட்டியலில் இருந்த நிகர நிறையை மொத்த நிறைக்கான இடத்தில் போட்டிருக்கிறார். பெப்ரவரிப் பிழையும் அந்த மூன்றில் ஒன்று.

இங்கேதான் கதை மாறுகிறது. 240இல் 4 என்றால் அவர் 'கவனக்குறைவானவர்' இல்லை. அதேநேரம் பெப்ரவரியில் நடந்ததைத் தற்செயல் என்றும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதே இடத்தில் மூன்று முறை சறுக்கியிருக்கிறார். திகதிகளையும் பாருங்கள். மூன்றும் டிசம்பருக்குப் பிறகு, பக்கத்து மேசைக்காரி பிரசவ லீவில் போய் இவர் இரண்டு பேரின் வேலையைப் பார்த்த காலத்தில் வந்தவை என்றால், அதுவும் அறிக்கையில் இருக்கவேண்டும். அந்த மேசையை அவர் தலையில் வைத்தது நீங்கள்தானே.

அந்த ஆறு நாளையும் பிரித்துப் பாருங்கள். பிரகடனத்தைத் திருத்த ஒரு நாள், இடையில் வந்த சனி, ஞாயிறு, போயா என்று மூன்று நாள், இறக்குமதியாளர் காசு கட்டப் பிந்திய இரண்டு நாள் என்று கணக்கு வரலாம். பிழை அவருடையதுதான், ஆனால் ஆறு நாளும் அவருடையது இல்லை. வாடிக்கையாளர் போட்ட சத்தத்தின் அளவை வைத்து ஊழியரின் பிழையை அளக்கக்கூடாது. முன்பு ஒரு கம்பனியில் நான் அப்படிச் செய்திருக்கிறேன். சத்தம் போட்டவர் பெரிய வாடிக்கையாளர் என்பதற்காக ஒரு பையனுக்கு ஒரு படி குறைத்துப் போட்டேன். அதே பிழையை ஒரு சின்ன வாடிக்கையாளரின் கோப்பில் விட்டவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

நல்லதுக்கும் இதே விதிதான். மனிதவளப் பிரிவு திருப்பி அனுப்பியது பெரும்பாலும் உங்கள் பாராட்டுகளாகத்தான் இருக்கும். நம் கந்தோர்களில் அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். அந்த மொழியில் 'ஹார்ட் வேர்க்கிங்', 'டீம் பிளேயர்' என்று தயாராகக் கிடக்கும் சொற்கள் தாமாக வந்து விழுகின்றன. முதலில் தமிழில், வீட்டில் ஒருவருக்குச் சொல்வதுபோல எழுதிப் பாருங்கள். "செப்டெம்பரில் இந்தியாவிலிருந்து வரவிருந்த ஒரு சரக்குக்கு உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் இல்லாததைக் கண்டுபிடித்தது இவள்தான்" என்று எழுதுவீர்கள். இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் வரிச் சலுகை கேட்க அந்தச் சான்றிதழ் வேண்டும். சரக்கு வர முன்னரே அதைக் கேட்டு வாங்கியதால் வாடிக்கையாளர் முழு வரி கட்டாமல் தப்பினார் என்றால், அந்த ஒரு வசனம் பத்து 'ஹார்ட் வேர்க்கிங்'குக்குச் சமம். பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றலாம்.

பிழையைப் பற்றிய பந்தி இப்படி வரலாம்:

"இவ்வாண்டு பார்த்த 240 கோப்புகளில் 4 இவருடைய பிழையால் திருத்தத்துக்கு வந்தன. அவற்றில் 3, நிகர நிறையும் மொத்த நிறையும் மாறியதால் வந்தவை. மூன்றும் டிசம்பருக்குப் பின்னர், இரண்டு மேசைகளின் வேலையை இவர் பார்த்த காலத்தில் நேர்ந்தவை. பெப்ரவரியில் நேர்ந்தது டிமரேஜுக்கு ஒரு காரணமாக இருந்தது. அனுப்ப முன்னர் நிறையைக் கப்பல் ரசீதுடன் ஒப்பிட்டுக் கையொப்பமிடுவதென்று மார்ச் முதல் வாரத்தில் பேசி முடிவுசெய்தோம். அதன் பின்னர் இப்பிழை வரவில்லை."

இதில் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்ன நடந்தது, எத்தனை முறை, எந்தச் சூழலில், என்ன முடிவெடுத்தோம், அவ்வளவுதான். கடைசி வசனம் உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். ஒப்பிடச் சொல்லி நீங்கள் இன்னும் கதைக்கவே இல்லை என்றால் இன்றைக்கே கதையுங்கள். ஒரு குறையை அவர் முதன்முதலில் அறிக்கையில்தான் வாசிக்கிறார் என்றால், பிந்தியது நீங்கள்.

சமநிலை என்றால் மூன்று நல்லது, மூன்று கெட்டது என்று தராசில் வைப்பதில்லை. வருஷத்தின் பெரும்பகுதி நன்றாகப் போயிருந்தால் அறிக்கையின் பெரும்பகுதியும் அப்படித்தான் இருக்கவேண்டும். பிழைக்கு ஒரு பந்தி போதும். மேலே ஒரு புகழ்ச்சி, கீழே ஒரு புகழ்ச்சி, நடுவில் குறையை ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. வாசிப்பவர் எப்படியும் நடுவைத்தான் தேடுவார்.

அப்புறம், ஊர்ப் பயம். அந்தப் பயத்தில் பலர் செய்வது, சொந்த ஊர்ப் பிள்ளைக்குப் புள்ளியைக் குறைத்துவிட்டு நியாயமாக நடந்ததாக நினைப்பது. அதுவும் பாரபட்சம்தான். எழுதி முடித்ததும் பெயரை மறைத்து, அவரைத் தெரியாத வேறு பிரிவுப் பொறுப்பாளர் ஒருவரிடம் காட்டலாமா என்று மனிதவளப் பிரிவைக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், புள்ளியைச் சொல்லாமல் வாசிக்கக் கொடுத்து, "நீங்கள் என்ன போடுவீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் போட்ட புள்ளியும் அவர் சொல்வதும் தூரமாக இருந்தால், எழுதியதில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது புள்ளி வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது.

மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் வரைவைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஒன்பது கோப்புகளில் ஏதாவதொன்றின் காரணத்தை நீங்கள் பிழையாகப் பிடித்திருக்கலாம். அவர் மின்னஞ்சலைக் காட்டினால் எண்ணை மாற்றுங்கள். காட்ட ஒன்றும் இல்லாமல் "அப்படி இல்லை அக்கா" என்று மட்டும் சொன்னால், ஊழியரின் கருத்துக்கான இடத்தில் அதை அவரே எழுதட்டும். நீங்கள் எழுதியது அப்படியே இருக்கட்டும்.