வெள்ளக் கறையையும் எழுதுங்கள், முற்பணத்துக்குக் கெடுவும் வையுங்கள்

"கல்லடியில் அம்மாவின் வீட்டை வாடகைக்கு விடப்போகிறோம். வருகிற சனி, ஞாயிறில் தேக்கு அலுமாரி முதலான பழைய தளபாடங்களை விற்றுத் தீர்க்க வேண்டும். விற்பனைக்குப் போடும் படத்தின் கீழே என்ன எழுதுவது? குறைகளைச் சொன்னால் ஆட்கள் வருவார்களா?"

வருவார்கள். "நல்ல நிலையில் உள்ளது" என்று மட்டும் எழுதினால் தரகர்தான் முதலில் வருவார். நேரில் வந்து குறையைக் கண்டுபிடித்து விலையை இறக்குவதே அவருடைய தொழில். குறையை நீங்களே எழுதிவிட்டால் அவர் வாயடைத்துப் போவார்.

உங்கள் தேக்கு அலுமாரியையே எடுத்துக்கொள்வோம். இப்படி எழுதுங்கள்:

"தேக்கு அலுமாரி. உயரம் 6 அடி, அகலம் 4 அடி, ஆழம் 20 அங்குலம். கழற்ற முடியாது. காலில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளக் கறை, மரம் உறுதியாக இருக்கிறது. இடது கதவின் பிணைச்சல் துருப்பிடித்துள்ளது. விலை 45,000 ரூபாய். சனி, ஞாயிறு காலை 8 முதல் மாலை 5 வரை பார்க்கலாம். தூக்க ஆட்களும் வாகனமும் வாங்குபவர் பொறுப்பு."

கறையின் படத்தையும் அருகிலிருந்து எடுத்துப் போடுங்கள். 2011 தை வெள்ளத்தைக் கண்ட ஊர் இது. தேக்கில் நீர்க்கோடு இருப்பதால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். மெலமைன் பலகை அப்படியல்ல. ஒரு முறை நீர் குடித்து ஊதினால் பிறகு வற்றாது, திருகாணியும் பிடிக்காது. அதை இலவசம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உளுத் துளை இருந்தால் அவசரப்பட்டுக் கழிக்க வேண்டாம். துளைகளைத் துடைத்துவிட்டு அடியில் வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். நாலைந்து நாளில் மாவு போன்ற புதுத் தூள் விழுந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது, விற்காதீர்கள். தூள் இல்லை, துளையின் விளிம்பும் கறுத்துப் பழசாகியிருக்கிறது என்றால் பெரும்பாலும் பழைய சேதம். ஆனால் அந்தப் பூச்சி மாதக்கணக்கில் ஓசையின்றி உள்ளே கிடக்கும். அதனால் "உளு இல்லை" என்று உறுதி கூற வேண்டாம். "பழைய துளைகள் உண்டு, நாலு நாள் பார்த்தோம், தூள் விழவில்லை" என்று கண்டதை மட்டும் எழுதுங்கள்.

இனி முற்பணம். இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். வெள்ளி மாலையே ஒருவர் வந்து, "எல்லாவற்றையும் நானே எடுக்கிறேன்" என்று 2,000 ரூபாயை நீட்டுவார். நீங்கள் வருகிறவர்களை எல்லாம் திருப்பி அனுப்புவீர்கள். ஞாயிறு பொழுது சாயும் நேரம் லொறியோடு வந்து பாதி விலை சொல்வார். திங்கள் வீடு காலியாக வேண்டுமே, கொடுத்துவிடுவீர்கள். ஆகவே குறிப்பிலேயே எழுதுங்கள்: "முற்பணம் பாதி விலை. சனி மதியம் 12 மணிக்குள் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும், முற்பணம் திரும்பாது."

வங்கிச் சீட்டின் படத்தைக் காட்டிப் பொருளைக் கேட்பவர்களும் உண்டு. வாரஇறுதியில் பெரும்பாலான வங்கிக் கிளைகள் பூட்டியிருக்கும்; தொலைபேசியில் கேட்கலாம் என்றால் எண்ணை அமுக்கி அமுக்கியே அரை மணி நேரம் போய்விடும். மக்கள் ஓய்வாக இருக்கும் நாளில்தான் விசாரிக்க ஆளில்லை என்பது என்ன ஒழுங்கோ! உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் கணக்கில் சேர்ந்திருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே அலுமாரியை வாசலைத் தாண்ட விடுங்கள்.