கருத்து சரியாக இருந்தும் மதிப்பெண் ஏன் போகிறது?

“தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். வீட்டில் தமிழும் ஆங்கிலமும்தான். நீதிமன்ற வாய்மொழி மொழிபெயர்ப்பு மாதிரித் தேர்வில் கருத்து ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தோற்றேன்?”

வணக்கம். இவ்வகைத் தேர்வில் கருத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. எடுத்துக்காட்டாக, அமெரிக்க மாநில நீதிமன்றத் தேர்வுகளில், வாசிக்கப்படும் உரையின் எழுத்துப் பிரதியில் முன்கூட்டியே சில சொற்களைக் குறித்து வைத்திருப்பார்கள்: எண்கள், பெயர்கள், எதிர்மறை, தயக்கம், வசைச்சொல். அவை ஒவ்வொன்றும் உங்கள் மொழிபெயர்ப்பில் வந்ததா என்றுதான் எண்ணுவார்கள். பெரும்பாலும் 70 சதவீதம் தேவை.

சாட்சி சொல்கிறார்: “எட்டரை, ஒன்பது இருக்கும். கத்திய எடுத்த மாதிரி இருந்துச்சு, சரியா பாக்கல.” நீங்கள் ஆங்கிலத்தில், ஒன்பது மணியளவில் அவன் கத்தியை எடுத்தான் என்கிறீர்கள். எட்டரை போயிற்று, ‘மாதிரி’ போயிற்று, ‘சரியா பாக்கல’ போயிற்று. மூன்று இழப்பு. அதைவிட மோசம், தயங்கிய சாட்சி உறுதியான சாட்சியாகிவிட்டார். குறுக்கு விசாரணைக்குப் பிடிமானமே இல்லை. தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 35(3)(k) பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தரும், தனக்குப் புரியும் மொழியில் விசாரணை நடக்கவோ அது மொழிபெயர்க்கப்படவோ உள்ள உரிமை இப்படித்தான் பொத்தலாகிறது.

வீட்டில் பாட்டிக்காகப் பேசும்போது நாம் சுருக்குவோம், தெளிவாக்குவோம். அந்தப் பழக்கமே இங்கே எதிரி. மருத்துவமனையிலும் அப்படியே: “மாத்திரையை அப்பப்ப போடுறேன்” என்பதை ‘போடுகிறார்’ என்று முடித்தால் மருத்துவர் அளவைக் கூட்டக்கூடும்.

பயிற்சிக்கு, ஒருவரை 40 சொல் அளவில் பேசச் சொல்லி, குறிப்பில் எண், பெயர், இல்லை, தயக்கம் மட்டும் எழுதுங்கள். ‘அவர் சொல்கிறார்’ வேண்டாம், ‘நான்’ என்றே பேசுங்கள். பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிட்டு விடுபட்டதை எண்ணுங்கள். கேட்டுக்கொண்டே பேசும் பகுதிக்கு அப்புறம் போகலாம்.