தொனிக்குச் ‘சோகம்’ என்ற ஒரு சொல் போதுமா?

“மையக்கருத்து கேட்டால் சுருக்கத்தையும், தொனி கேட்டால் ‘சோகம்’ என்றும் எழுதுகிறேன், பாதி மதிப்பெண்தான் வருகிறது. இந்தக் கவிதைக்கு எப்படி எழுதுவது?

அப்பா போன பிறகும்
அவர் நாற்காலியை
யாரும் நகர்த்தவில்லை;
தூசி மட்டும்
தினமும் வந்து அமர்கிறது.”

நாற்காலி காலியாக இருப்பது கவிதையில் காணும் காட்சி. அதை ஏன் யாரும் நகர்த்தவில்லை என்று கேட்டால் கிடைக்கும் விடைதான் மையக்கருத்து. தொனி என்பது பேசுபவரின் மனநிலை. அதற்குச் சான்று சொற்களின் தேர்வில் இருக்கிறது. நான் இப்படி எழுதுவேன்:

“தந்தையின் பிரிவை ஏற்க முடியாத குடும்பம், அவருடைய இடத்தை அப்படியே காத்து வைப்பதன் மூலம் அவரைத் தன்னோடு இருத்திக்கொள்ள முயல்வதே இக்கவிதையின் மையக்கருத்து. தொனி, அடக்கி வைக்கப்பட்ட துயரம். கண்ணீர், அழுகை போன்ற சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஆயினும் மனிதருக்குரிய ‘வந்து அமர்கிறது’ என்னும் செயலைத் தூசிக்கு ஏற்றி, அதை ‘மட்டும்’ என்று வரையறுக்கும்போது, வர வேண்டியவர் வரவில்லை என்ற ஏக்கம் வெளிப்படுகிறது.”

‘நகர்த்தவில்லை’ என்ற ஒரு சொல்லை மையக்கருத்துக்கும் தொனிக்கும் சான்றாக்கலாம் என்றாலும், தொனிக்கு ‘மட்டும்’ இன்னும் வலுவானது என்பது என் கருத்து. ‘போன’ என்பது இறப்பா, வீட்டை விட்டுச் சென்றதா என்று வரிகள் உறுதி செய்யவில்லை. அதனால்தான் விடையில் ‘இறப்பு’ என்று எழுதாமல் ‘பிரிவு’ என்று எழுதியிருக்கிறேன்.